காலையில் 5.4, மாலையில் 13.8: உறுப்பு மாற்றுக்குப் பின் வரும் சர்க்கரையை வீட்டில் பிடிப்பது எப்படி

டர்பனில் சிறுநீரக மாற்று முடிந்து வீடு திரும்புகிறவரின் மருந்துப் பையில், புதிய உறுப்பை உடம்பு எதிர்க்காமல் தடுக்கும் மூன்று பெயர்கள் பெரும்பாலும் இருக்கும்: டாக்ரோலிமஸ், மைக்கோஃபெனோலேட், பிரெட்னிசோன். சிலருக்கு அதோடு ஒரு குளுக்கோமீட்டரும் கொடுத்து அனுப்புவார்கள். இதுவரை சர்க்கரையே இல்லாதவருக்கு அது எதற்கு என்று புரியாது. விடிந்ததும் விரலைக் குத்திப் பார்ப்பார், 5.4 காட்டும். மறுநாள் 5.2. ஒரு வாரம் இப்படியே போனால் மீட்டர் அலமாரிக்குப் போய்விடும். ஆனால் அவர் பார்த்தது, ஒரு நாளிலேயே சர்க்கரை மிகக் குறைவாக இருக்கும் நேரத்தை. அதே ஆளுக்கு மாலை ஐந்து மணிக்குக் குத்திப் பார்த்தால் 13 அல்லது 14 வரலாம்.

முதல் சில மாதங்களில் எப்போது அளப்பது, எப்படி அளப்பது, வந்த எண்ணை வைத்து என்ன செய்வது என்பதையே இங்கே சொல்கிறோம். சிறுநீரக மாற்றை வைத்து எழுதியிருந்தாலும், கல்லீரல், இதய மாற்றுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

மாலையில் ஏறுவது ஏன்

பிரெட்னிசோன் ஒரு ஸ்டீராய்டு. பொதுவாகக் காலை உணவோடு ஒரே வேளையாகக் கொடுப்பார்கள். அது உடம்பை இன்சுலினுக்குச் செவிசாய்க்காமல் ஆக்குகிறது. கல்லீரலையும் கூடுதலாகச் சர்க்கரை தயாரிக்க வைக்கிறது. விழுங்கிய நான்கு முதல் எட்டு மணி நேரத்தில் இந்த வேலை உச்சத்தில் இருக்கும். இரவு ஏற ஏறத் தணிந்து, விடியும்போது ஏறக்குறைய ஓய்ந்துவிடும். காலை ஏழு மணிக்கு மாத்திரை போட்டால் பகல் சாப்பாடு சரியாக அந்த உச்சத்தில்தான் வயிற்றில் இறங்கும். வெறும் வயிற்று அளவு ஒழுங்காக இருக்க, மாலை அளவு எகிறுவது இதனால்தான்.

டாக்ரோலிமஸ் வேறு இடத்தில் கை வைக்கிறது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை மந்தமாக்குகிறது. ஒரு மருந்து இன்சுலின் தேவையைக் கூட்டுகிறது, இன்னொன்று வரத்தைக் குறைக்கிறது. இரண்டும் ஒரே உடம்பில் சேர்வதால், குடும்பத்தில் சர்க்கரை உள்ளவர்கள் சீக்கிரம் மாட்டிக்கொள்கிறார்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் யாராவது ஒருவருக்குச் சர்க்கரை இருக்கும் என்பதால், இது யாருக்கோ வருவது என்று ஒதுக்க முடியாது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சர்க்கரை ஏறுகிறது என்று டாக்ரோலிமஸையோ பிரெட்னிசோனையோ நீங்களே குறைக்கக் கூடாது. குறைத்தால் உடம்பு புதிய உறுப்பை எதிர்க்கத் தொடங்கும். அந்த எதிர்ப்பை அடக்க மருத்துவமனையில் மூன்று நாள் அளவில் பெரிய அளவு ஸ்டீராய்டை நரம்பு வழியாக ஏற்றுவார்கள். அப்போது சர்க்கரை முன்னைவிடப் பல மடங்கு ஆட்டம் காட்டும்.

அளக்கும் முறை

முதலில் அலகு. தென்னாப்பிரிக்காவில் மீட்டர் mmol/L என்று காட்டும். தமிழில் வரும் காணொளிகளும் சென்னையிலிருந்து பேசும் உறவினரும் மில்லிகிராம் கணக்கில் சொல்வார்கள். நம் எண்ணை 18 ஆல் பெருக்கினால் அவர்கள் எண் வரும். 5.4 என்றால் 97. 13.8 என்றால் 248. 'எனக்கு 140தான்' என்று அங்கிருந்து அக்கா சொன்னால், இங்கே அது 7.8.

கையைச் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். இதைச் சடங்காக நினைக்க வேண்டாம். டிசம்பரில் லைச்சியோ மாம்பழமோ உரித்த விரலில் ஒட்டியிருக்கும் சாறு, ஸ்ட்ரிப் உறிஞ்சும் சின்னத் துளி ரத்தத்தோடு கலந்தால், 6 என்பது 15 ஆகத் தெரியும். எதிர்பாராமல் பெரிய எண் வந்தால் முதல் வேலை, கையைத் திரும்பக் கழுவி இன்னொரு விரலில் பார்ப்பது.

விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள், வலி குறையும். ஒவ்வொரு முறையும் புதிய லான்செட் எடுங்கள். மற்றவர்கள் ஒரே ஊசியை நாலு நாள் ஓட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கி வைத்திருப்பவருக்கு விரல் நுனியில் வரும் சின்னச் சீழ்கூடப் பெரிய தொல்லை. லான்செட் கருவியை வீட்டில் வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள். உபயோகித்த ஊசிகளைத் தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி வைத்து, கிளினிக்கில் ஒப்படைக்கலாம்.

ஸ்ட்ரிப்பை அதன் டப்பாவிலேயே வைத்து, எடுத்தவுடன் மூடிவிடுங்கள். டர்பனின் கோடைக் காற்றில் திறந்து கிடக்கும் ஸ்ட்ரிப் ஈரம் பிடித்துப் பிழையான எண் காட்டும். காரின் முன் பெட்டியில் வைத்தால் சூட்டில் கெட்டுவிடும்.

மீட்டர் எவ்வளவு நல்லதானாலும் 15 சதவீதம் வரை முன்பின் காட்டுவதைத் தரக்கட்டுப்பாடே ஏற்றுக்கொள்கிறது. ஆகவே அடுத்தடுத்து எடுத்த இரண்டு அளவு 9.1, 9.8 என்று வந்தால் மீட்டர் பழுது என்று நினைக்க வேண்டாம். ரத்தசோகை அதிகமாக இருந்தால் பல மீட்டர்கள் உண்மையைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டும். மாற்றுக்குப் பின் முதல் மாதங்களில் ரத்தசோகை பலருக்கும் இருக்கும்.

மாற்றுக்கு முன் வீட்டில் வயிற்று டயாலிசிஸ் செய்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அதில் ஐகோடெக்ஸ்ட்ரின் என்ற திரவம் உபயோகித்திருந்தால், அதை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூடச் சில வகை ஸ்ட்ரிப்கள் அதிலிருந்து உடம்பில் உண்டாகும் மால்டோஸையும் குளுக்கோஸாக எண்ணிவிடும். இல்லாத சர்க்கரைக்கு இன்சுலின் போட்டு உயிருக்கே ஆபத்தான சம்பவங்கள் உலகில் நடந்திருக்கின்றன. உங்கள் ஸ்ட்ரிப் அந்த வகையா என்று மருந்தாளரிடம் பெட்டியைக் காட்டிக் கேளுங்கள்.

எந்த நேரத்தில்

முதல் வாரங்களில் நாளுக்கு நான்கு முறை பார்ப்பது நல்லது: விடிந்ததும் வெறும் வயிற்றில், பகல் சாப்பாட்டுக்கு முன், இரவுச் சாப்பாட்டுக்கு முன், படுக்கப் போகும்போது. அத்தனை ஸ்ட்ரிப் கிடைக்கவில்லை, ஒன்றுதான் முடியும் என்றால், அந்த ஒன்றை விடியற்காலையில் செலவழிக்காதீர்கள். மாலை நான்கு முதல் ஆறுக்குள், இரவுச் சாப்பாட்டுக்கு முன் பாருங்கள். இரண்டு முடிந்தால் வெறும் வயிற்றில் ஒன்று, மாலையில் ஒன்று.

நோட்டில் எண்ணோடு நேரத்தையும், அன்று போட்ட பிரெட்னிசோன் மில்லிகிராமையும் எழுதுங்கள். இந்தக் கடைசிக் குறிப்பைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மருத்துவர் தேடுவதோ அதைத்தான். 20 மில்லிகிராமில் 13 என்பது வேறு கதை, 5 மில்லிகிராமில் 13 என்பது வேறு கதை. இரண்டாவது ஆளுக்கு மருந்து குறைந்தும் சர்க்கரை இறங்கவில்லை, அதாவது நோய் தங்கிவிட்டிருக்கலாம்.

ஒரு எடுத்துக்காட்டு

சாட்ஸ்வொர்த்தில் 52 வயது அம்மா ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். எடை 64 கிலோ, மாற்று நடந்து மூன்று வாரம். பிரெட்னிசோன் 20 மில்லிகிராம் காலை ஏழு மணிக்கு, டாக்ரோலிமஸ் காலை ஏழு, இரவு ஏழு. இதற்கு முன் சர்க்கரை இல்லை. மூன்று நாள் பார்த்ததில் அவர் நோட்டு ஏறக்குறைய இப்படி இருக்கிறது: விடியற்காலை 5.4, பகல் பன்னிரண்டரைக்கு 7.9, மாலை ஐந்துக்கு 13.8, இரவு பத்துக்கு 11.2.

கிளினிக்கில் எடுத்த எச்பிஏ1சி 5.6 சதவீதம். இதைப் பார்த்து நிம்மதி அடைவதுதான் இங்கே பெரிய பொறி. எச்பிஏ1சி என்பது சிவப்பணுக்களில் மூன்று மாத அளவில் ஒட்டிய சர்க்கரையின் கணக்கு. இந்த அம்மாவுக்கு அறுவையின்போது இரண்டு பை ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். புதுச் சிறுநீரகம் வேலை செய்யத் தொடங்கியதும் புதுச் சிவப்பணுக்கள் வேகமாக உண்டாகின்றன. பாதி அணுக்கள் அடுத்தவருடையதும் நேற்றுப் பிறந்தவையும் என்றால், அவற்றில் ஒட்ட நேரம் ஏது? ஆகவே முதல் மூன்று மாதம் குறைவான எச்பிஏ1சி எதையும் நிரூபிக்காது. 6.5க்கு மேல் வந்தால் மட்டும் அதை நம்பலாம்.

அப்படியானால் இவருக்குச் சர்க்கரை நோயா? இன்னும் அந்தப் பெயர் சூட்ட மாட்டார்கள். அறுவை முடிந்த முதல் வாரங்களில் பெரும்பாலானவர்களுக்கு ஏறத்தான் செய்யும். ஆறு வாரமாவது கழிந்து, மருந்து அளவு ஒரு நிலைக்கு வந்த பிறகு பார்த்து, வெறும் வயிற்றில் 7.0 அல்லது அதற்கு மேல், அல்லது 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி கழித்து 11.1 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் நோய் என்று பதிவு செய்வார்கள். பெயர் இல்லை என்பதால் மருந்து வேண்டாம் என்று ஆகிவிடாது. 13.8 என்பது காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும், தொற்றுக்கு வழி விடும்.

இந்த அம்மாவுக்கு மருத்துவர் காலையில் பிரெட்னிசோனோடு சேர்த்து 8 யூனிட் ஐசோஃபேன் இன்சுலின் தொடங்குகிறார். கலங்கலாக இருக்கும் அந்த இன்சுலின் போட்ட நான்கு மணி நேரத்துக்கு மேல் உச்சத்துக்கு வந்து இரவுக்குள் தணியும். ஸ்டீராய்டு ஏறி இறங்கும் அதே வடிவம். 'ஒரு தடவை இன்சுலின் போட்டால் ஆயுசுக்கும் விடாது' என்று வீட்டில் பயப்படுவார்கள். இங்கே அப்படி இல்லை. ஸ்டீராய்டு குறையும்போது பலருக்கு இன்சுலினும் நின்றுவிடுகிறது. வியன்னாவில் 50 பேரை வைத்துச் செய்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், முதல் வாரங்களிலேயே மாலைச் சர்க்கரையைக் காலை இன்சுலினால் அடக்கியவர்களுக்கு ஓராண்டு கழித்து நோய் தங்குவது குறைந்திருந்தது. களைத்த பீட்டா செல்லுக்கு ஓய்வு கொடுத்ததன் பலன் என்று விளக்கினார்கள். பின்னால் செய்த பெரிய ஆய்வில் அந்தப் பலன் அவ்வளவு தெளிவாக வரவில்லை. ஆனாலும் காலை ஐசோஃபேன் இன்றும் நல்ல வழிதான்.

பத்து நாளில் மாலை அளவு 9க்கு வருகிறது. அடுத்த சந்திப்பில் பிரெட்னிசோனை 15 ஆகவும், பிறகு 10 ஆகவும் குறைக்கிறார்கள். இன்சுலின் 8 யூனிட்டிலேயே நிற்கிறது, யாரும் நினைவுபடுத்தவில்லை. ஆறாம் நாள் மாலை நாலரைக்கு வியர்த்து, கண் இருட்டி, பார்த்தால் 3.6. தவறு நடந்த இடம் தெரிகிறதல்லவா? ஸ்டீராய்டைக் குறைக்கும் ஒவ்வொரு முறையும், வெளியே வருவதற்கு முன் 'இன்சுலின் எவ்வளவு?' என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்.

கை நடுங்கினால்

டாக்ரோலிமஸே கையை நடுங்க வைக்கும். சர்க்கரை இறங்கினாலும் கை நடுங்கும். நடுங்கும்போதெல்லாம் இனிப்பை வாயில் போட்டுக்கொள்பவரின் சர்க்கரை இறங்கவே இறங்காது. நடுக்கம் மட்டும் இருந்தால் முதலில் குத்திப் பாருங்கள். வியர்வை, குழப்பம், தடுமாற்றம் சேர்ந்து இருந்தால், மீட்டர் பக்கத்தில் இல்லையென்றால், காத்திருக்காமல் சர்க்கரை சாப்பிடுங்கள்.

4க்குக் கீழே வந்தால் 15 கிராம் சர்க்கரை வேண்டும். நான்கு சமமான தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, கால் மணி நேரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். இன்னும் 4க்கு மேல் வரவில்லையென்றால் அதே அளவு மறுபடியும். ஏறியதும் ரொட்டித் துண்டு ஒன்று சாப்பிடலாம். அரை டம்ளர் குளிர்பானம் என்று பழைய தாள்களில் போட்டிருக்கும். இங்கே 2018 ஏப்ரலில் சர்க்கரை வரி வந்தபின் பல பானங்களில் சர்க்கரையைக் குறைத்துவிட்டார்கள். 100 மில்லிக்கு 4 கிராம் மட்டுமே உள்ள பானத்தில் 150 மில்லி குடித்தால் 6 கிராம்தான் கிடைக்கும். புட்டியின் பின்பக்கத்தைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள், அல்லது சீனியையே நம்புங்கள். பம்பளிமாஸ், கிரேப்ஃப்ரூட் சாறு மட்டும் எக்காரணம் கொண்டும் வேண்டாம், அவை டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும்.

ரத்தம் எடுக்கும் நாள்

டாக்ரோலிமஸ் அளவை அடுத்த வேளை மாத்திரைக்குச் சற்று முன், அதாவது போன வேளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும். ஆகவே அன்று காலை மாத்திரையைப் போடாமல், பையில் கொண்டுபோய், ரத்தம் கொடுத்தபின் போடுங்கள். இரவு வேளை எத்தனை மணிக்குப் போட்டோம் என்பதையும் சொல்லுங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரையும் அன்றே எடுப்பார்கள் என்றால் சாப்பாடும் பையில். இன்சுலின் போடுகிறவர் ஊசியையும் சாப்பாட்டோடு தள்ளி வைக்கலாமா என்று முன்னமே கேட்டுவிடுங்கள். ஊசி போட்டுவிட்டு மூன்று மணி நேரம் வரிசையில் பசியோடு உட்கார்ந்து மயங்குகிறவர்கள் உண்டு.

பகல் தட்டு

ஸ்டீராய்டின் உச்சம் பகலில் என்பதால், மாவுச்சத்தைக் காலைக்குத் தள்ளிப் பகலில் குறைப்பதுதான் பொதுவான 'குறைவாகச் சாப்பிடுங்கள்' என்பதைவிட உதவும். புரட்டாசி மாதத்தில் இது கெடும். இறைச்சி இல்லை என்பதால் உருளைக்கிழங்கு, சோறு, ரொட்டி என்று தட்டு மாறும். ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பும் பீன்ஸ் பன்னி ஒரு குவார்ட்டர் சைவம்தான். ஆனால் 700 கிராம் ரொட்டியில் கால் பங்கு என்பது 175 கிராம், அதில் மாவுச்சத்து மட்டும் 80 கிராமுக்கு மேல். பீன்ஸ் கறியை வைத்துக்கொண்டு ரொட்டியில் பாதியை ஒதுக்கினால் மாலை எண்ணில் வித்தியாசம் தெரியும். ஆடிக் கூழ் குடித்தால் சீனி போடாமல் சின்னக் கிண்ணம், இரண்டு மணி கழித்து ஒரு குத்து.

பாகற்காயைக் கறியாகச் சாப்பிடலாம். அதன் சாறு, மாத்திரை, கடையில் விற்கும் ஆப்பிரிக்க உருளைக்கிழங்கு மூலிகை ஆகியவை வேண்டாம். இவை சர்க்கரையைக் குறைக்கிறதோ இல்லையோ, டாக்ரோலிமஸ் அளவைக் கலைத்துவிடக்கூடும்.

திடீரென்று ஏறினால் எங்கே தேடுவது

சாப்பாட்டில் மாற்றமில்லாமல் இரண்டு மூன்று நாளாக எண் ஏறுகிறது என்றால், அந்த வாரம் புதிதாக என்ன நடந்தது என்று பாருங்கள். வயிற்றுப்போக்கு இருந்ததா? குடல் கெட்டிருக்கும்போது டாக்ரோலிமஸ் ரத்தத்தில் கூடுதலாக ஏறும், சர்க்கரையும் ஏறும். பூஞ்சைக்கு ஃபுளூக்கோனசோல், நெஞ்சுச் சளிக்கு கிளாரித்ரோமைசின், ரத்த அழுத்தத்துக்கு டில்டியாசெம் இவற்றில் ஏதாவது வெளி மருத்துவர் எழுதினாரா? மூன்றும் டாக்ரோலிமஸை ஏற்றும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் எதிர்த் திசையில் டாக்ரோலிமஸை அதலபாதாளத்துக்கு இறக்கும். அதை நிறுத்தும்போது திரும்ப ஏறும். எந்த மாத்திரையானாலும் மாற்று கிளினிக்கைக் கேட்காமல் தொடங்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. காய்ச்சல் இருக்கிறதா என்றும் பாருங்கள். எதிர்ப்புச் சக்தி அடங்கிய உடம்பில் தொற்று சில நேரம் காய்ச்சலைக் காட்டாமல், சர்க்கரையில்தான் முதலில் தலைகாட்டும்.

அன்றே கிளினிக்கை அழைக்க வேண்டியவை: அடுத்தடுத்து இரண்டு அளவு 15க்கு மேல், 4க்குக் கீழே ஒரு முறையாவது, மாலை அளவு மூன்று நாள் தொடர்ந்து 10க்கு மேல். இவை பொதுவான எல்லைகள். உங்கள் கிளினிக் வேறு எண் சொல்லியிருந்தால் அதுவே சட்டம். வாந்தியால் மாத்திரை தங்கவில்லை, அல்லது அளவு ஏறியபடி தூக்கக் கலக்கமும் வேகமான மூச்சும் இருக்கிறது என்றால் அழைத்துக் காத்திருக்க வேண்டாம், நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும், கையில் ஒட்டும் சென்சார் வாங்க முடிந்தால், மாலை மலையை அது படமாகவே காட்டிவிடும். அந்தக் கை மேல் படுத்துத் தூங்கினால் பொய்யாக 3 காட்டும் என்பதால், இரவு மணி அடித்தால் விரலைக் குத்தி உறுதி செய்யுங்கள். அதிக அளவு வைட்டமின் சி மாத்திரை சில சென்சார்களில் எண்ணைக் கூட்டிக் காட்டும். ஒட்டிய இடம் சிவந்து சூடாக இருந்தால் கழற்றிவிட்டு கிளினிக்கில் காட்டுங்கள்.

ஸ்டீராய்டு 5 மில்லிகிராமுக்கு இறங்கி, மாலை அளவு ஒரு மாதமாக 7.8க்குள் நின்றால், நாலு குத்தை வாரத்துக்கு இரண்டு மூன்றாகக் குறைக்கலாமா என்று கிளினிக்கில் கேட்கலாம். அவர்கள் பங்குக்கு முதல் ஒரு மாதம் வாரந்தோறும், பிறகு முதலாண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை சர்க்கரை பார்ப்பது வழக்கம். எப்போதாவது உறுப்பு எதிர்ப்புக்கு ஸ்டீராய்டைக் கூட்டினால் அன்றிலிருந்து நாலு குத்துக் கணக்கு மறுபடியும் தொடங்கும்.